குழந்தையின் கண் பிதுங்கினால்: ஒரு புற்றுநோய்க்கு மூன்று சிகிச்சைகள் எதற்கு?

குழந்தையின் ஒரு கண் மட்டும் சில நாட்களில் முன்னே பிதுங்கி வருகிறது. "சூட்டுக் கட்டிதான், சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்" என்று நினைப்போம். மருந்து போட்டும் வீக்கம் வளர்ந்தால் காத்திருக்காதீர்கள். அது ராப்டோமயோசார்கோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம்.

தசையாக மாற வேண்டிய இளம் செல்கள் முதிராமலே பெருகுவதால் இந்நோய் வருகிறது. கண்குழி, மூக்கு, காது, சிறுநீர்ப்பை, விரையை ஒட்டிய பகுதி, கை, கால் என எங்கும் தோன்றலாம். கை கால் தசை போன்ற தசையே இல்லாத சிறுநீர்ப்பையிலும் இது வருகிறது.

"கட்டிதானே, அறுத்து எடுத்துட்டா போதாதா?" போதாது. கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே நுண்ணிய செல்கள் ரத்தம் வழியே வேறு இடங்களுக்குப் போயிருக்கலாம். கீமோதெரபி வருவதற்கு முன், கட்டியை முழுதாக அகற்றிய குழந்தைகளிலும் பலர் பிழைக்காததற்கு இதுவே காரணம். உடல் முழுதும் பரவியதை அழிப்பது கீமோ. ஆனால் கீமோ மட்டும் கொடுத்தால், கட்டி இருந்த இடத்தில் மிஞ்சிய செல்கள் மறுபடி வளரும். அந்த இடத்தைச் சுத்தம் செய்வது அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ, தேவைப்பட்டால் இரண்டுமோ.

ஒரகடத்தில் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் ஆறு வயது மகளுக்குக் கண்குழியில் இந்தக் கட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சிறு துண்டை எடுத்துப் பரிசோதிப்பார்கள். நுரையீரலையும் பார்ப்பார்கள். கண்ணை அகற்ற மாட்டார்கள். வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகளைச் சுமார் மூன்று மாதம் தருவார்கள். பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், சுமார் 25 முறை கதிர்வீச்சு. அந்த நாட்களில் ஆக்டினோமைசினை நிறுத்திவைப்பார்கள். சேர்த்துக் கொடுத்தால் தோல் புண்ணாகும். பின்னர் கீமோ தொடரும். இதே கட்டி கையில் இருந்தால், உறுப்பைக் காப்பாற்றி அகற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். இடம்தான் முறையைத் தீர்மானிக்கிறது.

கண்குழியோடு நின்ற நோயில் பத்தில் சுமார் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். பின்னாளில் கண்புரை வரலாம், எலும்பு வளர்ச்சி குறையலாம். அதனால் தொடர் கண்காணிப்பு தேவை.

தவறு நடப்பது பெரும்பாலும் நடுவில்தான். இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்ததும், "குணமாயிடுச்சே" என்று நிறுத்திவிட்டால், நோய் திரும்பும். அப்போது குணப்படுத்துவது கடினம். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். தொற்று வேகமாகப் பரவும்.

ஸ்ரீபெரும்புதூர் பகுதியினருக்கு அருகில் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. நீங்கள் இ.எஸ்.ஐ. அட்டைதாரர் என்றால் மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மற்றவர்கள் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.