மெயின்டனன்ஸ் ஏறிவிட்டதா? சண்டை வேண்டாம், கடிதம் எழுது!

தங்கச்சி, ‘ஜூலை முதல் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாயிலிருந்து 4 ரூபாய். எல்லோரும் ஒத்துழைக்கவும்.’ அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு வரி மட்டும் வந்தால், அங்கேயே பதிலுக்குப் பொங்காதே. அங்கே பேசுவது இரண்டு நாளில் மேலே போய்விடும், மனஸ்தாபம் மட்டும் தங்கிவிடும். சங்கத்தைப் பதில் சொல்ல வைப்பது எழுத்தில் கொடுக்கும் கடிதம்தான். எங்கள் அபார்ட்மென்ட்டில் பொருளாளராகக் கணக்கு எழுதியவள் நான். எந்தக் கேள்விக்குப் பொதுவாக மழுப்பலாம், எந்தக் கேள்விக்கு லெட்ஜரைத் திறந்தே ஆக வேண்டும் என்று தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் பெருக்கிப் பார்

உன் வீட்டுக்கு எவ்வளவு ஏறியது என்பதோடு நிற்காதே. சங்கத்துக்கு மொத்தமாக எவ்வளவு கூடுதலாக வரும் என்று பார். மேடவாக்கம் பக்கத்தில் என் சிநேகிதி குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் 48 வீடுகள், ஒவ்வொன்றும் 1,050 சதுர அடி. மொத்தம் 50,400 சதுர அடி. ஒரு ரூபாய் உயர்வு என்றால் வீட்டுக்கு மாதம் 1,050 ரூபாய்தான். ஆனால் சங்கத்துக்கு மாதம் 50,400 ரூபாய், வருடத்துக்கு 6,04,800 ரூபாய் கூடுதலாக வரும்.

‘ஏன் ஏற்றினீர்கள்?’ என்று கேட்டால், ‘விலைவாசி ஏறிப்போச்சு’ என்று பதில் வரும். ‘இந்த ஆறு லட்சம் எந்தெந்தத் தலைப்பில் செலவாகப் போகிறது?’ என்று கேட்டால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

2. சொன்ன காரணங்களைக் கூட்டிப் பார்

செயலாளரிடம் நேரில் மரியாதையாகக் காரணம் கேட்டுக் குறித்துக்கொள். என் சிநேகிதிக்குக் கிடைத்த பதில் இது: செக்யூரிட்டி நான்கு பேருக்குத் தலா 1,500 ரூபாய் ஏற்றம், துப்புரவுப் பணியாளர் இரண்டு பேருக்குத் தலா 1,000 ரூபாய், பொது கரன்ட் பில் மாதத்துக்குச் சுமார் 4,000 ரூபாய் கூடியிருக்கிறது. 6,000, 2,000, 4,000, ஆக மொத்தம் 12,000. வசூல் கூடுவதோ 50,400. மீதி 38,400 ரூபாய்க்குக் காரணமே சொல்லப்படவில்லை. கடிதத்தில் கேட்க வேண்டியது அந்த 38,400-ஐத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, எனவே ஒரு பில்லைப் பார்த்து அதுதான் மாதச் செலவு என்று எடுத்துக்கொள்ளாதே. தண்ணீர் லாரி செலவு கோடையில் ஏறி மழைக்காலத்தில் இறங்கும். ஏப்ரலை டிசம்பரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். சென்ற ஏப்ரலை இந்த ஏப்ரலோடு ஒப்பிடு. சில ஏற்றங்கள் நிஜமானவை என்பதையும் மனதில் வை. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது மின்சாரத்தை 2022 செப்டம்பரில் தனிக் கட்டணப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். அதனால் பல சங்கங்களின் செலவு உண்மையாகவே கூடியது.

3. பைலாவை எடுத்துப் படி

வீடு வாங்கியபோது கொடுத்த காகிதக் கட்டில் சங்கத்தின் பைலா இருக்கும். இல்லையென்றால் செயலாளரிடம் கேட்டு வாங்கு. அதில் மூன்று விஷயம் பார். கட்டணத்தை மாற்றும் அதிகாரம் செயற்குழுவுக்கா, பொதுக்குழுவுக்கா? உறுப்பினர் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட என்ன வழி? கட்டணம் பாக்கி வைத்தால் வட்டி எவ்வளவு, ஓட்டுரிமை போகுமா? பல பைலாக்களில் கட்டணம் நிர்ணயிப்பது பொதுக்குழு. அப்படியானால், செயற்குழு மட்டும் கூடிப் பேசி ஏற்றியது செல்லுமா என்பதே உன் முதல் கேள்வி.

4. மூன்றே மூன்று ஆவணம் கேள்

‘எல்லாக் கணக்கையும் காட்டுங்கள்’ என்று எழுதினால் ஒன்றுமே வராது. முதலாவது, கட்டணத்தை உயர்த்திய தீர்மானமும், அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் நகலும். இரண்டாவது, சென்ற இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும், இந்த ஆண்டுக்கான பட்ஜெட்டும். மூன்றாவது, இன்றைய தேதியில் பேங்க் இருப்பு, கார்ப்பஸ் ஃபண்டின் டெபாசிட், வராமல் நிற்கும் பாக்கியின் மொத்தத் தொகை.

இந்த மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. சில வீட்டுக்காரர்கள் பல மாதமாகக் கட்டாமல் இருப்பார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப, ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில் உயர்வு விழும். பாக்கித் தொகை வெளியே வந்தால்தான் அது தெரியும். ஆனால் பாக்கிதாரர்களின் பெயரைக் கேட்காதே, மொத்தத் தொகை போதும். பெயர் வந்தால் அக்கம்பக்கத்துச் சண்டையில்தான் முடியும்.

5. கடிதம் இப்படி இருக்கட்டும்

ஒரே பக்கம் போதும். ‘ஊழல்’, ‘சுருட்டல்’ என்ற வார்த்தைகள் வேண்டவே வேண்டாம். செயலாளரும் பொருளாளரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள். ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டினால், பேச்சு கணக்கை விட்டு மானப் பிரச்னைக்குப் போய்விடும்.

> அனுப்புநர்: (பெயர்), பி-3, … அடுக்குமாடிக் குடியிருப்பு.
>
> பெறுநர்: செயலாளர், … வீட்டு உரிமையாளர்கள் நலச் சங்கம்.
>
> பொருள்: பராமரிப்புக் கட்டண உயர்வுக்கு விளக்கமும் கணக்கு விவரமும் கோருதல்.
>
> ஐயா, வணக்கம்.
>
> ஜூலை முதல் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாயிலிருந்து 4 ரூபாயாக உயர்த்தப்படுவதாக ஜூன் 25 அன்று வாட்ஸ்அப் வழியாகத் தெரிவிக்கப்பட்டது. காரணமோ, தீர்மான விவரமோ அதில் இல்லை.
>
> இந்த உயர்வால் சங்கத்துக்கு மாதம் 50,400 ரூபாய் கூடுதலாக வரும். தாங்கள் நேரில் தெரிவித்த ஊதிய உயர்வும் மின் கட்டண உயர்வும் சேர்ந்து சுமார் 12,000 ரூபாய் ஆகின்றன. மீதமுள்ள 38,400 ரூபாய் எந்தச் செலவுக்கு என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> பைலாவின் …ஆம் விதிப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது பொதுக்குழு. எனவே, (1) உயர்வுக்கான தீர்மானம், மினிட்ஸ் நகல், (2) சென்ற இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, நடப்பு ஆண்டு பட்ஜெட், (3) இன்றைய பேங்க் இருப்பு, கார்ப்பஸ் டெபாசிட், மொத்தப் பாக்கித் தொகை ஆகியவற்றை 15 நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் செலவை நானே ஏற்கிறேன். சங்க அலுவலகத்துக்கு வந்து பார்வையிடவும் தயார்.
>
> விளக்கம் கிடைக்கும்வரை புதிய கட்டணத்தை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். இதை நான் உயர்வுக்கு அளித்த சம்மதமாகக் கொள்ள வேண்டாம்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, தேதி)

6. பணம் கட்டுவதை நிறுத்தாதே

கோபத்தில் பலர் செய்வது இதைத்தான். நிறுத்திய மறுமாதமே நீ பாக்கிதாரர். பைலாப்படி வட்டி போடுவார்கள். சில இடங்களில் பொதுக்குழுவில் ஓட்டும் போய்விடும். கேள்வி கேட்கும் இடத்திலேயே உன் குரல் அடைபட்டுவிடும். அதனால் கட்டு. பேங்க் மூலமாகவே கட்டு. குறிப்புக் கட்டத்தில் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுது. ரசீதை வாங்கி வை. உயர்வு ரத்தானால் வித்தியாசத்தைத் திரும்பக் கேட்கவோ, அடுத்த மாதத்தில் கழிக்கச் சொல்லவோ இதுதான் ஆதாரம்.

மெயின்டனன்ஸ் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அதையும் கேள். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரையிலான மெயின்டனன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1,050 சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் 4,200 ரூபாய்தான் வருகிறது.

7. கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும்

இரண்டு பிரதி எடு. ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்து, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கு. தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தைப் பிரின்ட் எடுத்து வை. மெயிலிலும் ஒரு பிரதி போகட்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கொடு. அதற்கும் மௌனம் என்றால் தனியாகப் போராடாதே, கையெழுத்து சேர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம் என்றால், அதன் 36-ஆம் பிரிவில் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விசாரணை கேட்டுப் பதிவாளரிடம் மனுச் செய்ய வழி இருக்கிறது. 48 உறுப்பினர் என்றால் 16 கையெழுத்து. மனுவை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எந்தச் சட்டத்தில் பதிவு என்பது பைலாவின் முதல் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நட. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சங்கத்திடமே நேராகக் கேட்க முடியாது, பொதுவாக அது அரசு அமைப்பு இல்லை. பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம். சங்கம் அங்கே தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கை அங்கே கேட்டுப் பெறலாம்.

8. பதில் வந்தபின்தான் பாதி வேலை

என் சிநேகிதிக்குப் பதில் வந்தது. அந்த 38,400 ரூபாய் வெளிச்சுவர் பெயின்டிங்குக்காம். வருடத்துக்குக் கணக்கிட்டால் 4,60,800 ரூபாய். தப்பான செலவே இல்லை, சுவர் உண்மையில் உரிந்துதான் கிடந்தது. ஆனால் ஒருமுறை செய்யும் வேலையை மாதக் கட்டணத்துக்குள் வைத்துவிட்டால், பெயின்ட் அடித்து முடித்த பிறகும் அந்த ரூபாய் இறங்காது. இதுதான் அவள் பிடித்த இடம்.

பொதுக்குழு கூடியது. ஊதியத்துக்கும் மின்சாரத்துக்குமாகச் சதுர அடிக்கு 25 காசு மட்டும் மாதக் கட்டணத்தில் ஏற்றினார்கள். அதிலிருந்தே 12,600 ரூபாய் வந்துவிடும். பெயின்டிங்குக்கு வீட்டுக்கு 9,600 ரூபாய், நான்கு தவணை, தனிப் பேங்க் கணக்கு, மூன்று கொட்டேஷன் வாங்கிய பிறகே வேலை என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றினார்கள்.

உனக்கு வரும் பதிலையும் இப்படியே பிரித்துப் பார். மாதா மாதம் வரும் செலவு எது, ஒரே முறை செய்யும் செலவு எது, யாரோ கட்டாத பாக்கி எது? கணக்கு சரியாக இருந்தால், ‘விளக்கம் கிடைத்தது, என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன்’ என்று அதையும் எழுத்தில் கொடுத்துவிடு. அடுத்தமுறை நீ கணக்குக் கேட்கும்போது செயலாளர் முகம் சுளிக்காமல் ஃபைலை எடுத்து வைப்பார்.