கேள்வியே தலைப்பு: எல்லையோர ஆதார எழுத்தருக்கு ஒரு யூடியூப் வழிகாட்டி

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஆதாரம் எழுதும் அலுவலகம் நடத்துபவருக்குத் தமிழில் சேனல் எதற்கு? 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. எல்லைக்கு இப்பால் சொத்து உள்ளவர்களும் உண்டு. சேனல் தேட வேண்டியது இவர்களைத்தான்.

தலைப்பு

மேஜைக்கு முன்னால் வந்து உட்காருபவர் முதலில் கேட்பதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் அடுத்த வீடியோ. ‘பத்திரப்பதிவு செய்வது எப்படி’ என்று போட்டால் சேலத்துக்காரரும் பார்ப்பார். அவருக்கு உங்களிடம் வேலை இல்லை. ‘மலையாளப் பத்திரத்தில் 1098 மகரம் என்று இருக்கிறது, எந்த வருஷம்?’ என்பதைச் சிலரே பார்ப்பார்கள். ஆனால் தேடி வருபவர் வீட்டில் பத்திரம் இருக்கும். கேரளத்தில் போக்குவரவு என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் பட்டா மாற்றம் என்றே தேடுவார். தலைப்பில் இரண்டையும் வையுங்கள்.

வீடியோ

1098 மகரம் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 1923 ஜனவரி, பிப்ரவரி. பிறகு கணக்கு: சிங்ஙம் முதல் தனு பாதி வரை கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், அதற்குப் பின் 825. பத்திரத்தில் தேதி, எழுதிக் கொடுத்தவர், நான்கெல்லை ஆகியவை எங்கே இருக்கும் என்று காட்டுங்கள். வாடிக்கையாளரின் பத்திரத்தைக் காட்டவே கூடாது. உங்கள் குடும்பத்துப் பழைய பத்திரத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துக் காட்டலாம். அந்தச் சொத்து அடுத்தடுத்து யாருக்குக் கைமாறியது என்பதை எல்லாக் காகிதங்களையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று முடியுங்கள். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விசாரணை

விளக்கப் பெட்டியின் முதல் வரியில் வாட்ஸ்அப் இணைப்பைப் போடுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு குறிச்சொல் இருந்தால், யார் எதைப் பார்த்து வந்தார் என்று தெரியும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KOLLAM
```

ஷார்ட்ஸ் விளக்கத்திலும் கமெண்டிலும் போடும் இணைப்பை 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்த முடியாது. அங்கிருந்து முழு வீடியோவுக்கு அனுப்புங்கள். முதல் பதிலில் சொத்து எந்த வில்லேஜ், பத்திரம் எந்த வருஷம், எதற்காகத் தேவை என்று கேட்டு, கட்டணத்தையும் சொல்லிவிடுங்கள்.

வக்கீல்களுக்கு இந்த வழி ஒத்துவராது. இந்திய பார் கவுன்சில் விதி 36 அவர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆதார எழுத்தரும் தம் உரிம விதிகளைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

மாதக் கடைசியில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் பத்திரத்தோடு வந்தார்கள் என்று எண்ணுங்கள். பார்வை ஏறியும் யாரும் கேட்கவில்லை என்றால் தலைப்பு மிகப் பொதுவானது. கேட்டவர்கள் வரவில்லை என்றால் வீடியோவைத் தொடாதீர்கள். பதில் தாமதமா, கட்டணம் உறுத்துகிறதா என்று பாருங்கள்.