லென்ஸ் போடும் பெண்களுக்கு, மை பற்றிச் சில சொற்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் பொருத்திப் பொருத்தியே தலை நரைத்தவள் நான். புதிதாக லென்ஸ் வாங்கிக்கொண்டு போகும் பெண்களிடம் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். மையே கூடாது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள்.

1. முதலில் கண்ணாடி முன் நின்று கீழிமையை லேசாக இழுத்துப் பார். முடி வரிசைக்கு உட்புறமாக ஈரமான ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். உற்றுப் பார்த்தால் அதில் ஊசிமுனை அளவில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். கீழிமையில் இருபதுக்கு மேல் இருக்கும், மேலிமையில் அதைவிட அதிகம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அதிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து, கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது. நம் வீடுகளில் மை தீட்டும் இடம் சரியாக இந்த விளிம்புதான். காஜலில் இருக்கும் மெழுகும் கரியும் அந்த வாய்களை அடைக்கின்றன. சாயங்காலமானால் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு நோய் ஒன்றும் இருக்காது, இந்த அடைப்புதான். அடைப்பு நாள்பட்டால் கண்கட்டி வரும். உன் பாட்டி அங்கேதான் மை இட்டாள், உண்மைதான். ஆனால் அவள் கண்ணில் லென்ஸ் இல்லை.

2. ஆகவே மையை முடி வரிசைக்கு வெளியே, தோலின் மேல் தீட்டு. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இதைப் படம்பிடித்தே பார்த்தார்கள். உள்விளிம்பில் தீட்டிய மையின் துகள்கள் ஐந்தே நிமிடத்தில் கண்ணீரில் மிதக்க ஆரம்பித்தன. வெளியே தீட்டியபோது கண்ணுக்குள் போன துகள் குறைவு, அதுவும் மெதுவாகத்தான் போனது. வெளியே தீட்டினால் கண் எடுப்பாகத் தெரியாது என்பாய். பென்சிலால் முடியின் அடியை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து, பஞ்சுக்குச்சியால் இழுத்துச் சேர்த்துப் பார், அடர்த்தியாகவே தெரியும். வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து முக்கால் வாசியோடு நிறுத்து. மூக்குப் பக்கத்து மூலைக்குப் போகாதே. கண்ணீர் வடிந்து போகும் துளை அங்கேதான் இருக்கிறது, மையும் அங்கேதான் போய்த் தேங்கும்.

3. ஒரு டீச்சர் வந்தாள். மாத லென்ஸ், போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. "அக்கா, லென்ஸ் மங்குது, பவர் மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்றாள். விளக்குக் கருவியில் வைத்துப் பார்த்தேன். லென்ஸின் கீழ் ஓரத்தில் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன, நடுவில் எண்ணெய்ப் படலம். பவர் சரியாகவே இருந்தது. தினமும் என்ன செய்கிறாய் என்று கேட்டதில் விஷயம் வெளிவந்தது. காலையில் மை தீட்டிவிட்டு அதே விரலால் லென்ஸ் எடுத்துப் போடுவாள். இரவில் லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் மையைத் துடைத்துவிட்டு, அப்புறம் லென்ஸைக் கழற்றுவாள். இப்போது வரும் மென்லென்ஸ்களில் பலவற்றில் எண்ணெய் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், சொல்யூஷனில் ஊறப்போட்டால் போகாது. அந்த ஜோடியைத் தூக்கிப் போடச் சொன்னேன். சில நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிறகு புது ஜோடியோடு வரிசையை மாற்றினாள். மங்கல் திரும்பவில்லை.

4. அந்த வரிசை இதுதான்: காலையில் லென்ஸ் முதலில், மை பிறகு. இரவில் லென்ஸைக் கழற்றுவது முதலில், மையைத் துடைப்பது பிறகு. லென்ஸைத் தொடும் முன் இரண்டு வேளையும் கையைச் சோப்பால் கழுவி, நூல் பிரியாத துணியில் நன்றாகத் துடைத்துக்கொள். கிரீம் கலந்த சோப்பு வேண்டாம், விரலில் பிசுக்கு நிற்கும். கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்துச் சொல்யூஷன் விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலசிய பிறகே டப்பாவில் போடு. டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு, அதன் மேலேயே ஊற்றாதே. குழாய்த் தண்ணீர் லென்ஸிலோ டப்பாவிலோ படவே கூடாது. தண்ணீரில் வாழும் அக்காந்தமீபா என்ற ஒருசெல் உயிர் லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் புகுந்தால், விரட்ட மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிவரும். மை துடைக்க எண்ணெய் கலக்காத ரிமூவர் வாங்கு. வாட்டர்புரூஃப் ஐலைனரை விட்டுவிடு, அது எண்ணெய் இல்லாமல் லேசில் போகாது.

5. மஸ்காரா, திரவ ஐலைனர் இரண்டையும் திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப் போடு. பாதி மிச்சம் இருந்தாலும் சரி. இமையைத் தொட்ட தூரிகை ஒவ்வொரு முறையும் கிருமியோடு குழாய்க்குள் திரும்பிப் போகிறது, உள்ளே ஈரம் வேறு. காய்ந்துவிட்டது என்று தண்ணீர் விட்டுக் கலக்குவது இன்னும் மோசம். பென்சில் உலர்ந்த பொருள், கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். தீட்டும் முன் முனையைச் சீவிக்கொண்டால் போதும். கல்யாண வீட்டில் ஒரே காஜல் பத்துப் பெண்களின் கண்ணைச் சுற்றி வரும். அங்கே உன் பென்சிலை நீயே கொண்டு போ. அன்றைக்கு மட்டும் ஒருநாள் லென்ஸ் போட்டுக்கொண்டு இரவில் எறிந்துவிடுவது இன்னும் நல்லது.

6. வீட்டு மை சுத்தம்தானே என்று கேட்பார்கள். விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து வழித்து, எண்ணெயோ நெய்யோ குழைத்த மை. மணமும் குளிர்ச்சியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கரித்துகளும் எண்ணெயும்தான், கிருமி நீக்கியதும் இல்லை. லென்ஸுக்கு இரண்டும் ஆகாது. கண்ணாடி போடும் நாளில், வெளிப்பக்கமாக வைத்துக்கொள். கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வேறு விஷயம். பலவற்றில் ஈயம் இருக்கிறது, லென்ஸ் போடாதவர்களுக்கும் அது வேண்டாம்.

7. இமையில் சிறு கட்டி என்றால் பதறாதே. லென்ஸையும் மையையும் நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம் ஒத்தடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. பிதுக்காதே. பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கண் சிவந்து, கூடவே வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால், அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். பென்சில் முனை பட்ட சின்னக் கீறல் போதும், கிருமி நுழைய. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்றால் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும். உடனே லென்ஸைக் கழற்று, திரும்பப் போடாதே. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும், வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியதும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் தெரியும், புண் உள்ளே வளரும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார். போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் அப்படியே எடுத்துப் போ, கழுவிவிடாதே. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவற்றிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். அன்று தீட்டிய காஜலையும் காட்டிவிட்டு, பிறகு குப்பையில் போடு.