நீ எழுதிய அந்த 19

புக்கிட் பாஞ்சாங்
ஞாயிறு இரவு

அன்புள்ள யாழினிக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு ஒரு சிரிப்பு முகம் போட்டுவிடுவாய். அதனால் தாளில் எழுதி உன் தம்பி ஆதியிடம் கொடுத்தனுப்புகிறேன். திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவது போலத் தோன்றினால், என் எழுத்து அப்படித்தான் என்று எடுத்துக்கொள்.

உன் கைப்பேசியில் அந்த எடைக் குறைப்புச் செயலியைக் காட்டினாய் அல்லவா? வயது என்ற இடத்தில் 19 என்று இருந்தது. கேட்டதற்கு, "18க்குக் கீழே போட்டால் உள்ளே விடமாட்டேங்குது பெரியம்மா" என்றாய். எனக்கு அப்போதே சுருக்கென்றது. உன்னை ஏமாற்ற அவர்கள் அந்தக் கதவை வைக்கவில்லை. உள்ளே இருக்கும் கணக்கு, வளர்ந்து முடிந்த உடம்புக்குப் போட்ட கணக்கு. 14 வயதுப் பெண் 19 என்று எழுதினால் அது பத்தொன்பது வயதுக்காரிக்குப் பதில் சொல்லும். உனக்குச் சொல்லாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சாப்பிடலாம் என்று அது போட்ட எண்ணைப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கே அது பத்தாது, கண்ணு.

பெரியவர்களுக்கு உடல் எடைக் குறியீடு ஒரே அளவுகோல். நம் ஊரில் 23ஐத் தாண்டினால் கவனி என்பார்கள், அது முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஆணா பெண்ணா, எத்தனை வயது எத்தனை மாதம் என்று பார்த்து, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்து, போன வருஷப் புள்ளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயதுக்கு வரும் காலத்தில் பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது வளர்ச்சியின் பகுதி. கண்ணாடியில் பார்த்தால் அது குண்டாவது போலத்தான் தெரியும். தாதியாக வேலை பார்த்த காலத்தில், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த எத்தனையோ பெண்கள் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆதியையே எடுத்துக்கொள். 12 வயது, 150 சென்டிமீட்டர், 58 கிலோ. குறியீடு 25.8 வருகிறது. அவன் வயதுக்கு அது அதிகம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு உயரம் கூடும் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. இதே 58 கிலோவில் அவன் 160 சென்டிமீட்டருக்கு வளர்ந்தால் குறியீடு 22.7 ஆகிவிடும், ஒரு கிலோகூடக் குறையாமல். அதனால் வளரும் பிள்ளைகள் பலருக்கு மருத்துவர்கள் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை. ஏறாமல் பிடித்துவை, மீதியை உயரம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பட்டினி போட்டால் அந்த உயரத்துக்கே தீனி இல்லாமல் போய்விடும். உயரம் ஏறக்குறைய நின்றுவிட்ட, நிஜமாகவே எடை குறைய வேண்டிய பிள்ளையாக இருந்தாலும், கண்காணிப்போடு வாரத்துக்கு அரைக்கிலோ அளவில்தான் போவார்கள்.

நீ ஐந்து வாரத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறாய். அதைப் பெருமையாகச் சொன்னாய். எனக்குக் கை நடுங்கியது.

அதைவிட, போன மாதமும் இந்த மாதமும் வரவில்லை என்று விளையாட்டாகச் சொன்னாயே, "வயித்துவலி மிச்சம்" என்று. அது மிச்சம் இல்லைம்மா. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு முடிவு செய்தால், உடனே உயிருக்குத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மூளை சினைப்பைக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும். அது இறங்கினால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. ஒரு பெண்ணின் எலும்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வருஷங்களில் விட்டதைப் பிறகு முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம். எடை இந்த வேகத்தில் இறங்கும்போது மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

இப்போது உன் அம்மாவைப் பற்றி. "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று கேட்டாய். ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். எடை என்ற சொல்லே உங்கள் வீட்டில் வராது. அது எங்கிருந்து வந்தது என்று நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய்.

1992இல் கல்வி அமைச்சு பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. டாஃப் கிளப் என்பார்கள். உடற்பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், ஆனால் எடை அதிகமான பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதலாக ஓடவிட்டார்கள். உன் அம்மா உயர்நிலை 1இல் இருந்தாள். மற்ற பிள்ளைகள் கேன்டீனில் மீ கோரிங் வரிசையில் நிற்க, இவள் இடைவேளையில் திடலைச் சுற்ற வேண்டும், ஜன்னல் வழியாக வகுப்பே பார்க்கும். டாஃபை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் என்ன வரும் என்று பையன்கள் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. ஓடவிட்ட ஆசிரியர் கெட்டவர் இல்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். என் தங்கை அன்றிலிருந்து புகைப்படத்துக்கு நிற்பதை விட்டாள், அது எனக்குத் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை இறங்கியது. திட்டம் தொடங்கியபோது நூறு மாணவர்களில் 14 பேர் அளவுக்கு உடல் பருமனாக இருந்தார்கள், பிறகு அது பத்துக்குக் கீழே வந்தது. அதை வைத்து இன்றும் சிலர் பரவாயில்லை என்பார்கள். 2007இல் அமைச்சே அதை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களுக்குமான முழுமையான உடல்நலத் திட்டத்துக்கு மாறியது. நிறுத்தும்வரை 15 வருஷம். அந்த 15 வருஷத்துப் பிள்ளைகள் இப்போது அம்மாக்களாக இருக்கிறார்கள்.

என் பெரிய மனக்குறை ஓடவிட்டதுகூட இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தாள்தான். உங்கள் பிள்ளையின் எடை இவ்வளவு, இந்தப் பிரிவு. உன் தாத்தா கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அவள் பகலில் பசியோடு ஓடிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்தால் பாட்டி பரிதாபப்பட்டு வடை சுட்டு, இனிப்பு மைலோ கலக்கி வைத்திருப்பார். அவள் தின்பாள், பிறகு அழுவாள். 12 வயதுப் பிள்ளை கடைக்குப் போகிறதா, சமைக்கிறதா, மளிகைக்குக் காசு கொடுக்கிறதா? அடுப்படி யார் கையில் இருக்கிறதோ அவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் திருத்தப் பார்த்தார்கள். நீ இப்போது செய்வதும் அதேதான். உனக்கு நீயே ஒரு டாஃப் கிளப் வைத்து, அதில் நீ ஒருத்தியே மாணவி.

அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன மாறும் என்று கேட்பாய். உன் தட்டு மட்டும் இல்லை, வீட்டுத் தட்டே மாறும். எல்லாருக்கும் பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு சோறு. கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அதே தட்டுதான். குளிர்பெட்டியில் பாட்டில் பானம் இருக்காது, உன் அப்பாவுக்கும் சேர்த்து. பபிள் டீ மாதத்துக்கு ஒன்றிரண்டு. காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்று இரவு பதினொரு மணி பிஸ்கட் டின்னைக் கேள். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆதியையும் கூட்டிக்கொண்டு மாலையில் செங்ஹுவா பூங்காவில் நடங்கள், உச்சி வெயிலில் வெறும் வயிற்றோடு ஓடாதே. கலோரி எண்ணுவதையும் தினமும் எடை பார்ப்பதையும் விட்டுவிடு. ஆஸ்திரேலியாவில் 14, 15 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்டார்கள்: கடுமையாக டயட் இருந்த பெண்களுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட உணவுக் கோளாறு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு.

அப்புறம் அந்த 'ஸ்லிம்மிங் டீ'. வாங்கியிருந்தால் குப்பையில் போடு. 2002இல் 'ஸ்லிம் 10' மாத்திரை நம் ஊரில் என்ன செய்தது என்று அம்மாவிடம் கேள். நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் செயலிழந்து மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள், இன்னொரு பெண்ணுக்கு உயிரே போனது. மூலிகை என்று விற்றதில் ஃபென்ஃபுளூரமின் என்ற தடைசெய்த மருந்து கலந்திருந்தது.

மருத்துவர் என்றதும் பயப்படாதே. நம் பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கலாம். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம், தைராய்டு பார்ப்பார்கள். மாதவிலக்கு நின்றதற்குக் கர்ப்பப் பரிசோதனையும் கேட்கலாம். கோபப்படாதே, எல்லாரையும் கேட்கிற கேள்விதான். தேவை என்றால் கேகே மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். ஆனால் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, விழித்திருக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலோ அந்த நிமிஷமே அவசரப் பிரிவு. அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கிடையாது. சாப்பிட்டதை நீயே வெளியே எடுக்கிறாயா என்று நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே கேட்கிறேன். ஆம் என்றால் இன்றே சொல்.

ஆதியையும் கூட்டிப் போக வேண்டும். அவன் கழுத்தின் பின்னால் கறுப்புக் கோடு படிந்திருக்கிறதே, பாட்டி பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறார். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை நோயில் போன தாத்தாவின் காலை மறந்துவிட்டார்களா இந்த வீட்டில்?

எப்படிச் சொல்வது என்பது உன் முடிவு. இந்தச் சனிக்கிழமைக்குள் நீயே அம்மாவிடம் சொல்லலாம். அல்லது ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன். இரண்டில் எது வேண்டுமோ நீ தேர்ந்தெடு.

ரொம்பப் பேசிவிட்டேன். நம் குடும்பத்திலேயே நல்ல பெண் நீதான்டா. பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது நீதான், என் கைப்பேசியைச் சரிசெய்வதும் நீதான். உன் உடம்பில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, தெரிந்ததும் இல்லை. தேக்காவில் அந்தப் பச்சைப் பாவாடை பார்த்தாயே, உன் அளவில், இப்போதைய அளவில், வாங்கி வைத்திருக்கிறேன். இறால் சம்பலும் செய்கிறேன், உனக்காக எண்ணெய் கம்மி, சரி, கொஞ்சம்தான் கம்மி.

அம்மா இன்றைக்கு இரவு வேலைக்குப் போகவில்லை. ஆதி தூங்கின பிறகு போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியம்மா