பெங்களூர் கையேடும் போச்சம்பள்ளி ஆலையும்

கேள்வி: போச்சம்பள்ளி சிப்காட்டில் 220 தொழிலாளர்கள் உள்ள உதிரிபாக ஆலையில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. எங்கள் கையேட்டில் என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று பெங்களூர் தலைமையகம் பட்டியல் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சட்டத்தை முதலில் எடுங்கள், கையேட்டை அப்புறம் திறங்கள். கையேட்டிலிருந்து தொடங்கினால், அது வாய் திறக்காத விஷயம் எதுவும் உங்கள் கண்ணில் படாது. ஒரு பிரிவுக்குள் நான்கு கடமைகள் இருந்தால் நான்கு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையேட்டின் பத்தி எண், வேலையைச் செய்கிறவர், செய்ததற்கான ஆவணம் என்று மூன்று கட்டங்கள் போதும்.

ஊதியத் தொகுப்பின் 17(2) பிரிவைப் பாருங்கள். வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கும், தானே ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘நோ டியூ சான்று வந்தபின், அடுத்த மாதச் சம்பளத்தோடு செட்டில்மென்ட்’ என்றுதான் பல கையேடுகளில் இருக்கும். முதல் இடைவெளி இந்த முரண். வாசகத்தைத் திருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் ஸ்டோர்ஸ், கேன்டீன், விடுதி என்று மூன்று கையெழுத்துக்கு ஒரு வாரம் அலைகிற ஆலையில், திருத்திய வாசகத்தை யார் நிறைவேற்றுவார்? ராஜினாமா கடிதம் வந்த அன்றே சம்பளப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும். கடைசி வேலை நாளுக்கு முன்பே நோ டியூ முடிய வேண்டும். அந்த நடைமுறை எழுதப்படாமல் இருப்பதைத் தனி இடைவெளியாகக் குறியுங்கள். பணிக்கொடையை இதோடு கலக்காதீர்கள். அதற்கு 30 நாள் கெடு.

விடுப்பில் சிக்கல் வேறு விதம். ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு முன்பு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இப்போது 180 நாள் போதும். கையேட்டைத் திருத்திவிட்டு, சம்பள மென்பொருளில் 240-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். ஆண்டின் தொடக்கத்திலிருந்தே பணியில் இருந்து 190 நாள் வேலை செய்த ஒருவரின் விடுப்புக் கணக்கைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

குறைதீர்ப்புக் குழு 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் கட்டாயம். கையேட்டில் புகார்ப் பெட்டி மட்டும் இருந்தால், ‘முற்றிலும் இல்லை’ என்றே எழுதுங்கள். நிலையாணை அத்தியாயம் 300 தொழிலாளர்களிலிருந்துதான் பொருந்தும். அந்த வரியை அழிக்காமல், பொருந்தாததற்கான காரணத்தையும் ஆள் எண்ணிக்கையையும் தேதியோடு குறித்து வையுங்கள். நாளைக்கு ஆள் கூடினால் மறுபடி பார்க்க வேண்டிய வரி அது.

கடைசியாக, மாநிலச் சட்டத்துக்கு ஒரு கட்டம். விடுமுறைப் பட்டியலில் நவம்பர் 1 ராஜ்யோத்சவம் இருந்தால், அந்தக் கையேடு ஓசூரைத் தாண்டி வரும்போது யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பெங்களூர் கையேட்டில் எதிர்பார்க்க முடியாது. புதிய தொழிலுறவுத் தொகுப்பு ரத்து செய்த சட்டங்களில் அது இல்லை. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதாக இருந்தால், இந்த வரிக்கு மேல் சிவப்பில் கோடு போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள்.