அறிக்கையில் எது, பின்னிணைப்பில் எது?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் ரெங்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பகுதியில் கனத்த மழை பெய்யும். இவ்வூரின் இடைநிலைப்பள்ளி ஒன்றில் நான்காம் படிவ மாணவர்கள் ஓர் அறிக்கை தயாரிப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மழை பெய்தால் பள்ளிக்குச் செல்லும் சாலையில் தண்ணீர் தேங்குகிறது. பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. சாலையோர வடிகாலை அகலப்படுத்தித் தருமாறு ஊராட்சி மன்றத்தைக் கேட்டுக்கொள்வதே மாணவர்களின் நோக்கம்.

அவர்கள் நான்கு வாரங்களில் 20 பள்ளி நாள்கள் அளவெடுத்தார்கள். மழைமானியில் சேர்ந்த நீரை மில்லிமீட்டரில் குறித்தார்கள். மழை ஓய்ந்து அரை மணி நேரத்திற்குப் பின் சாலையில் நின்ற நீரின் உயரத்தைக் கோடிட்ட கம்பு ஒன்றால் அளந்தார்கள். அந்தச் சாலையிலுள்ள 25 வீடுகளில் வினாநிரல் கொடுத்து விடை பெற்றார்கள். நிழற்படங்கள் எடுத்தார்கள், வடிகால் செல்லும் வழியை வரைந்தார்கள். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மேசைமேல் ஒரு கட்டுத் தாள் சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் உரைக்குள் திணித்தால் படிப்பவர் களைத்துப் போவார். எல்லாவற்றையும் பின்னால் தள்ளினால் அறிக்கையில் ஒன்றும் மிஞ்சாது.

‘முக்கியமானது உரையில், முக்கியமற்றது பின்னிணைப்பில்’ என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியான அளவுகோல் அன்று. முக்கியமற்றது என்றால் அதை விட்டுவிடலாமே, எதற்காகத் தைத்துக் கொடுக்க வேண்டும்? நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. ரீட் பிரபு தலைமையிலான அரசியலமைப்பு ஆணையம் 1957ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. மலாயாக் கூட்டரசுக்கான அரசியலமைப்பின் வரைவு அந்த அறிக்கையின் பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. சுதந்திரம் பெறவிருந்த நாட்டின் சட்ட வரைவை முக்கியமற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், சட்ட விதிகளை ஒருவர் கதைபோலத் தொடர்ந்து படிப்பதில்லை. வேண்டிய விதியைத் தேடி எடுத்துப் பார்க்கிறார். ஏன் இப்படிப் பரிந்துரைக்கிறோம் என்னும் விளக்கத்தைத்தான் தொடர்ந்து படிக்கிறார். ஆகவே விளக்கம் உரையில் நின்றது. வரைவு பின்னால் நின்றது.

தொடர்ந்து படிக்க வேண்டியது உரைக்கு உரியது. ஐயம் எழும்போது எடுத்துப் பார்க்க வேண்டியது பின்னிணைப்புக்கு உரியது. ரெங்கத்து மாணவர்களின் தாள்கட்டை இந்தக் கண்ணோட்டத்தில் பிரித்துப் பார்ப்போம்.

20 நாள் அளவுகளையும் காட்டும் அட்டவணை முதலில் வருகிறது. ஊராட்சி மன்ற அதிகாரி ஒவ்வொரு வரியையும் படிக்கப் போவதில்லை. ஆயினும், ‘உண்மையாகவே அளந்தார்களா?’ என்று அவருக்கு ஐயம் எழலாம். அப்போது அவர் புரட்டிப் பார்க்க அந்த அட்டவணை இருக்க வேண்டும். எனவே, அது பின்னிணைப்பு. அதன் சாரம் மட்டும் உரையில் ஒரு வாக்கியமாக வரும்: 20 நாள்களில் 9 நாள்கள் மழை பெய்தது, அவற்றுள் 6 நாள்கள் நீர் 10 சென்டிமீட்டருக்கு மேல் தேங்கியது.

வடிகாலின் வரைபடம் ஒரே ஒரு பக்கம்தான். அதைப் பார்க்காமல் எந்த இடத்தில் நீர் தேங்குகிறது என்பது விளங்காது. படிப்பவர் அதை ஒவ்வொரு பத்தியிலும் கண்முன் வைத்திருக்க வேண்டும். ஆகவே, அது உரைக்குள்ளேயே இருக்கட்டும். வினாநிரலின் வெற்றுப் படிவம் ஒன்று பின்னிணைப்பில் போதும். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பதிலின் மதிப்பு அமையும் என்பதால் அதை விட்டுவிடவும் முடியாது. நிழற்படங்களில் நீரின் உயரம் தெளிவாகத் தெரியும் ஒன்று உரையில் இடம்பெறலாம். மற்றவற்றில் நான்கைந்து பின்னால் போகும். எஞ்சியவை கணினியிலேயே இருக்கலாம்.

குடியிருப்பாளர்கள் நிரப்பிக் கொடுத்த 25 படிவங்களை என்ன செய்வது? அவற்றில் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கின்றன. அறிக்கை பலர் கைக்குப் போகும், படியெடுக்கப்படும். மன்றத்தைக் குறைகூறி ஒருவர் எழுதிய பதில் அவர் பெயருடன் அங்கேயே போய்ச் சேர்வது நல்லதன்று. அந்தப் படிவங்கள் எந்தப் பின்னிணைப்பிலும் சேரக் கூடாது. பதில்களைத் தொகுத்து, ‘குடியிருப்பாளர் 1’, ‘குடியிருப்பாளர் 2’ என்று எண்ணிட்டுத் தரலாம். நிழற்படத்தில் தெரியும் பிள்ளைகளின் முகங்களுக்கும் வாகனப் பதிவெண்களுக்கும் இதே கவனம் தேவை. பின்னிணைப்பை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தில்தான் இத்தகைய தவறுகள் நடக்கின்றன.

இதுவரை எளிது. சிக்கல் அட்டவணைக்குள்ளேயே இருந்தது.

மழை பெய்தும் நீர் தேங்காத நாள்கள் மூன்று. ஒரு நாள் வெறும் தூறல், 4 மில்லிமீட்டர்தான். ஆனால் மற்ற இரு நாள்களில் 47, 52 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. நீர் தேங்கிய நாள்களுள் ஒன்றில் பெய்ததோ 28 மில்லிமீட்டர். குறைந்த மழைக்குத் தேங்கிய நீர், அதிக மழைக்கு ஏன் தேங்கவில்லை? நாள்குறிப்பைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த இரு நாள்களுக்கும் சற்றுமுன்புதான் தொழிலாளர்கள் வந்து வடிகாலில் அடைத்திருந்த நெகிழிப் பைகளையும் தழைகளையும் அள்ளிச் சென்றிருந்தார்கள்.

‘அந்த இரு வரிகள் அட்டவணையில்தான் இருக்கின்றனவே, உரையில் எழுத வேண்டாம். எழுதினால் நம் கோரிக்கை பலவீனமாகிவிடும்’ என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. எதையும் அழிக்கச் சொல்லவுமில்லை. ஆயினும், முடிவை மாற்றக்கூடிய செய்தியைப் பின்னிணைப்பில் மட்டும் வைப்பது ஒளித்து வைப்பதற்குச் சமம். வடிகால் குறுகியது என்பதுதான் காரணமானால், அந்த இரு நாள்களிலும் நீர் தேங்கியிருக்க வேண்டும். அடைப்பே காரணம் என்றால், கேட்க வேண்டியது அகலமான வடிகால் அன்று. ஒழுங்கான துப்புரவும் வடிகால் வாயில் ஒரு கம்பித் தடுப்பும்தான். அதற்குச் செலவும் குறைவு. அந்த இரு நாள்களைப் பற்றிய செய்தி உரையில், அதுவும் முடிவுகள் பகுதியின் தொடக்கத்திலேயே வர வேண்டும். பரிந்துரையும் அதற்கேற்ப மாற வேண்டும். அனுபவமுள்ள அதிகாரி பின்னிணைப்பைத்தான் முதலில் புரட்டுவார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பின்னிணைப்புக்குப் போன செய்தி எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் ‘சேலஞ்சர்’ விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, எழுவர் உயிரிழந்தனர். விசாரணை ஆணையத்தில் இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உறுப்பினர். விண்ணோடம் அழியும் வாய்ப்பு ஏறத்தாழ நூறில் ஒன்று என்று பொறியியலாளர்கள் கருதினார்கள். இலட்சத்தில் ஒன்று என்று நிர்வாகத்தினர் சொன்னார்கள். இலட்சத்தில் ஒன்று என்றால், நாள்தோறும் ஒரு விண்ணோடத்தைச் செலுத்தினாலும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் ஒன்றுதான் அழியும் என்று பொருள். இந்த இடைவெளியைப் பற்றி ஃபைன்மன் எழுதியது ஆணைய அறிக்கையின் உரையில் அன்று, ஒரு பின்னிணைப்பில்தான் வெளியானது. அது இன்றும் பரவலாகப் படிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆனால், அதற்குக் காரணம் எழுதியவரின் புகழ். ரெங்கத்து மாணவர்களின் அட்டவணைக்கு அந்த வசதி இல்லை.

எதை எங்கே வைப்பது என்று முடிவானபின், உரையிலிருந்து பின்னிணைப்பைச் சுட்டும் முறைக்கு வருவோம். ‘மேலும் விவரங்களுக்குப் பின்னிணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதுவது போதாது. எந்தப் பின்னிணைப்பு, அங்கே என்ன கிடைக்கும் என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. ‘நீர் தேங்கிய அளவு பின்னிணைப்பு 1இல் காட்டப்பட்டுள்ளது’ என்பதில் எண் இருக்கிறது, செய்தி இல்லை. பின்னிணைப்பைக் கையால் மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இப்படி எழுதலாம்: ‘மழை பெய்த 9 நாள்களில் 6 நாள்கள் நீர் 10 சென்டிமீட்டருக்கு மேல் தேங்கியது, நாள்வாரி அளவுகள் பின்னிணைப்பு 1இல் உள்ளன.’ முதலில் செய்தி, பிறகு சான்றிருக்கும் இடம்.

பின்னிணைப்புகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்துகளால் பெயரிடும் வழக்கமும் உண்டு. ஆனால், தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது அது இடறுகிறது. ‘பின்னிணைப்பு இ-இல்’ என்று எழுதிப் பார்த்தால் புரியும். 1, 2, 3 என்னும் எண்களே இங்கு வசதி. உரையில் எது முதலில் சுட்டப்படுகிறதோ அதுவே பின்னிணைப்பு 1. உரையில் ஓரிடத்திலும் சுட்டப்படாத பின்னிணைப்பு இருந்தால், அதற்குரிய வாக்கியம் எழுத மறந்துபோயிருக்கும். இல்லையேல் அந்தப் பின்னிணைப்பே தேவையில்லை. ஒரே பின்னிணைப்பில் பல அட்டவணைகள் இருந்தால் ‘பின்னிணைப்பு 1, அட்டவணை 2’ என்று முழுமையாகச் சுட்ட வேண்டும். அவற்றின் தலைப்புகளும் பக்க எண்களும் பொருளடக்கத்தில் இடம்பெற வேண்டும்.

எண்கள் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் பிசகுகின்றன. இந்த அறிக்கையில் நிரப்பிய படிவங்கள் முதலில் பின்னிணைப்பு 3 ஆக இருந்தன; நிழற்படங்கள் 4. படிவங்களை எடுத்துவிட்டதும் நிழற்படங்கள் 3 ஆயின. ஆனால், உரையில் ‘பின்னிணைப்பு 4’ என்ற பழைய சுட்டு அப்படியே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க இருவர் போதும். ஒருவர் உரையை உரக்க வாசிக்க, மற்றவர் ஒவ்வொரு சுட்டு வரும்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து, சொன்ன செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘6 நாள்கள்’ என்று உரை சொல்லும்போது அட்டவணையில் விரலை வைத்து எண்ணவும் வேண்டும். ஐந்தோ ஏழோ வந்தால், அச்சிடுவதை நிறுத்திவிட்டு நாள்குறிப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.