அக்கா எழுதின இங்கிலீஷை அர்த்தம் மாறாம திருத்த சில குறிப்புகள்

அடுக்குமாடிக் குடியிருப்போ தெருவோ, "கொஞ்சம் இந்த இங்கிலீஷைச் சரி பண்ணிக் குடேன்" என்று போனை நீட்டுகிறவர்கள் எங்கும் உண்டு. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் திருத்தும்போது அர்த்தம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால், ஒரு மெயிலோடு முடிய வேண்டிய வேலை பத்து நாள் இழுக்கும். மிக்ஸி வாங்கிய மேல்வீட்டு அக்கா கம்பெனிக்கு எழுதியதையே வைத்துப் பார்ப்போம்:

"ஆல் ஜார் நாட் கம். யெஸ்டர்டே ஒன்லி ஐ கால். தே டோல்ட் டூ டேஸ் பிஃபோர் செண்ட். ஐ வெயிட் டில் ஃப்ரைடே. ஆஃப்டர் ஐ கேன்சல்."

1. போனை வாங்கியதும் திருத்த ஆரம்பிக்காதீர்கள். "என்னக்கா நடந்துச்சு, தமிழ்ல சொல்லுங்க" என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆள் பக்கத்தில் இல்லையென்றால் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். தமிழில் யோசித்து, அதே வரிசையில் இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டு எழுதியதுதான் இது என்பதால், தமிழில் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. 'ஆல்' என்பதும் 'நாட்' என்பதும் ஒரே வரியில் வந்தால் உஷாராகிவிடுங்கள். ஒரு ஜாரும் வரவில்லையா, சிலது மட்டும் வரவில்லையா? "எல்லா ஜாரும் வரலை" என்று தமிழில் சொன்னாலும் இதே குழப்பம்தான், அதனால் எண்ணிக்கையைக் கேட்டு எழுதுங்கள். அக்காவுக்கு மூன்றில் இரண்டு வந்திருக்கிறது, சின்ன சட்னி ஜார்தான் வரவில்லை. இதைக் கேட்காமல் 'ஒரு ஜாரும் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால், 'டெலிவரி ஆனதாகப் பதிவாகியிருக்கிறதே' என்று பதில் வந்து சண்டை வேறு பக்கம் போயிருக்கும்.

3. நாம் போடும் 'ஒன்லி' பெரும்பாலும் 'தான்' என்பதற்காக. இங்கிலீஷ் படிக்கிறவருக்கோ அது 'மட்டும்' என்று கேட்கும். "யூ ஒன்லி செண்ட்" என்றால் 'நீங்கதான் அனுப்பினீங்க' என்ற அழுத்தம் போய், 'அனுப்ப மட்டும்தான் செய்தீர்கள்' என்று ஆகிவிடும். நாளைக் குறிக்க வந்த 'ஒன்லி'யாக இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுங்கள்: நேற்று, 12ஆம் தேதி. நேற்றுதான் முதல் தடவை கூப்பிட்டாரா என்பதையும் கேளுங்கள், ஆமாம் என்றால் மட்டும் 'முதல் தடவை' என்று சேருங்கள்.

4. இருக்கிற வரிகளிலேயே மோசமானது "டூ டேஸ் பிஃபோர் செண்ட்". இரண்டு நாளைக்கு முன்னாடியே அனுப்பிவிட்டோம் என்றார்களா, இரண்டு நாளைக்குள் அனுப்புகிறோம் என்றார்களா, இல்லை இரண்டு நாளைக்கு முன்னாடி சொன்னார்களா? மூன்றுக்கும் இந்த வரி இடம் கொடுக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் தேதிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடந்தது என்று அக்காவையே சொல்ல விடுங்கள். 10ஆம் தேதி ஜார் அனுப்பியாச்சு என்று 12ஆம் தேதி போனில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஜார் வழியில் எங்கோ இருக்க வேண்டும். கம்பெனி தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது.

5. சரியாக இருக்கும் வார்த்தையில் கை வைக்காதீர்கள். 'டில்' என்று பார்த்ததும் பலர் தப்பு என்று நினைத்து 'பை' என்று மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் 'வெள்ளிக்குள்ள பணம் கட்டுறேன்' என்பதற்கும் நம் ஆட்கள் 'டில்' போடுவது வழக்கம். இங்கே அக்கா வெள்ளி வரைக்கும் காத்திருக்கிறார், எனவே 'டில்' சரி.

6. 'தே' என்றால் பல பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதைக்கு 'அவங்க' என்று சொல்வதுதான் அப்படி வருகிறது, ஆள் ஒருவராகவே இருக்கலாம். ஆணா பெண்ணா என்று ஊகித்து 'ஹீ', 'ஷீ' போடுவதைவிட, 'கஸ்டமர் கேரில் பேசியவர்' என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

7. எழுதியவரின் கோபத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். "கேன்சல் பண்ணிடுவேன்" என்று அக்கா உறுதியாகச் சொன்னால் 'வில்'தான் வர வேண்டும். நாகரிகம் பார்த்து 'மே' போட்டால் கம்பெனி அசைந்து கொடுக்காது. அதேபோல, அவர் சொல்லாத நஷ்ட ஈடு, நுகர்வோர் கோர்ட் எல்லாம் நீங்களாகச் சேர்க்காதீர்கள். ஒன்றே ஒன்று சேர்க்கலாம்: "செண்ட் மீ ஜார்" என்று மொட்டையாக இருந்தால் ஒரு 'ப்ளீஸ்'. தமிழில் 'அனுப்புங்க' என்பதில் உள்ள 'ங்க' இங்கிலீஷில் விழுந்துபோய்விட்டது, அதைத் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

8. பண விஷயம் என்றால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்டே ஆக வேண்டும். "ஐ பாரோ ஹிம் 5000" என்று எழுதியவர் கடன் கொடுத்தவராகவும் இருக்கலாம், வாங்கியவராகவும் இருக்கலாம். 'ரெண்ட்' என்ற வார்த்தையும் அப்படித்தான், வீட்டை வாடகைக்கு விட்டாரா எடுத்தாரா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

9. ஆர்டர் நம்பர், தொகை, பெயர் இவற்றைத் திரும்ப டைப் அடிக்காமல் அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். புரியாத இடம் ஏதாவது இருந்து, ஆளும் உடனே கிடைக்கவில்லையென்றால், அங்கே கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஊகித்து நிரப்பினால் படிக்க அழகாக இருப்பதாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

10. வாக்கியங்களைச் சின்னதாகவே வையுங்கள். அக்காவின் மெசேஜ் கடைசியில் இப்படி ஆனது: "ஐ ஆர்டர்ட் எ மிக்ஸர் வித் 3 ஜார்ஸ். 2 ஜார்ஸ் கேம். தி ஸ்மால் சட்னி ஜார் டிட் நாட் கம். ஐ கால்ட் கஸ்டமர் கேர் யெஸ்டர்டே, தி 12த். தி பெர்சன் ஐ ஸ்போக் டு செட் இட் வாஸ் செண்ட் ஆன் தி 10த். ஐ வில் வெயிட் டில் ஃப்ரைடே, தி 15த். இஃப் இட் டஸ் நாட் கம், ஐ வில் கேன்சல் தி ஆர்டர்." இன்னும் பளபளப்பாக எழுத முடியும்தான். ஆனால் நாளை கம்பெனியிலிருந்து போன் வந்தால் பேசப்போவது அக்கா. தன் பெயரில் போனது என்ன என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

11. "சரியா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "சரி"தான் சொல்வார்கள், அதில் பிரயோஜனமில்லை. திருத்தியதைத் தமிழில் வரிவரியாகச் சொல்லி, நடுநடுவே "அப்போ ஜார் எப்ப அனுப்பினதா சொன்னாங்க?" என்று கேளுங்கள். பதில் உங்கள் வரியோடு ஒத்துப்போனால் அனுப்பலாம்.

12. பழைய மெசேஜை அழித்துவிடாதீர்கள், திருத்தியதை அதற்குக் கீழேயே வைத்திருங்கள். பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அனுப்புவதை மட்டும் அவர் போனிலிருந்து, அவர் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள்.